வைரலான ஒரு காணொளியும் யாரும் எண்ணாத பதிவுகளும்: புசல்லாவையிலிருந்து ஒரு கணக்கு

கண்டியிலிருந்து கம்பளை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் வீதியில் இருக்கிறது புசல்லாவை. அந்த நகரத்தையும் சுற்றியுள்ள தோட்டங்களையும் சேர்ந்த சில இளைஞர்கள் பல வருடங்களாக ஒரு முகநூல் பக்கத்தை நடத்தி வருகிறார்கள். சம்பள விவகாரம், காணி, மரண அறிவித்தல், பாடசாலைச் செய்தி, மண்சரிவு எச்சரிக்கை என்று எல்லாம் அதில் வரும். யாருக்கும் சம்பளம் கிடையாது. வேலை முடிந்து வந்த பிறகு இரவில் எழுதுகிறார்கள், படம் எடுத்தவர்களிடம் கேட்டு வாங்கிப் போடுகிறார்கள்.

டித்வா புயலுக்குப் பின்னர் அவர்களுக்குள் ஒரு விவாதம் எழுந்தது. 2025 நவம்பர் இறுதியில் அந்தப் புயல் மலையகத்தைப் புரட்டிப்போட்டபோது, மலைச்சரிவு ஒன்று இறங்கி வருவதைக் கைத்தொலைபேசியில் எடுத்த ஒரு காணொளியை இவர்கள் பதிவேற்றியிருந்தார்கள். அது நாடு முழுவதும், கடல் கடந்தும் பகிரப்பட்டது. பக்கத்தின் வரலாற்றில் அதுவரை எந்தப் பதிவுக்கும் கிடைக்காத கவனம் அதற்குக் கிடைத்தது. அதன் பிறகு பக்கத்தின் தரவுகளைப் பார்த்த ஒரு தம்பி என்னிடம் சொன்னார்: “அண்ணே, கணக்குப் பார்த்தோம். வீடியோவுக்கு எழுத்துப் பதிவை விடப் பதினைஞ்சு மடங்கு ரெஸ்பொன்ஸ். இனி எழுதுறத நிப்பாட்டிட்டு வீடியோ மட்டும் போடலாம்னு இருக்கோம்.”

அவர் பொய் சொல்லவில்லை. கணினி காட்டிய எண்ணைத்தான் சொன்னார். ஆனால், அந்த எண் சரியாக இருந்தும் அதிலிருந்து எடுக்கப் போகும் முடிவு தவறாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. எழுத்துப் பதிவை நிறுத்துவது இந்தப் பக்கத்துக்குச் சின்ன விடயம் அல்ல. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை எந்தப் பிரதேச செயலாளர் பிரிவுக்கு, எந்த மட்டத்தில் விடுக்கப்பட்டிருக்கிறது என்பதை இவர்கள் எழுத்தில்தான் போடுகிறார்கள். 2026 வரவுசெலவுத்திட்டத்தில் அறிவிக்கப்பட்ட 1,750 ரூபாவில் 1,550 நாட்சம்பளம், மிகுதி 200 வரவுக்கான கொடுப்பனவு என்பதையும் எழுத்தில்தான் விளக்கினார்கள். ஆகவே, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவர்களோடு உட்கார்ந்து பக்கத்தின் பழைய பதிவுகள் எல்லாவற்றையும் திரும்ப எண்ணினோம். வடக்கிலும் கிழக்கிலும் இதுபோன்ற சிறிய பக்கங்களை நடத்துபவர்கள் பலர் இதே கேள்வியோடு இருப்பதால், அன்று என்ன செய்தோம் என்பதை இங்கே எழுதுகிறேன். பக்கத்தின் பெயரைத் தரவில்லை. அதன் உண்மையான எண்களுக்குப் பதிலாக, அதே வடிவத்தைக் காட்டும் சிறிய மாதிரி எண்களைக் கணக்கு விளங்குவதற்காகப் பயன்படுத்துகிறேன்.

சராசரி எங்கே ஏமாற்றுகிறது

முதலில் எதை எண்ணுவது என்று முடிவு செய்தோம். ஒரு பதிவுக்குக் கிடைத்த விருப்பக்குறிகள், பின்னூட்டங்கள், பகிர்வுகள் மூன்றையும் கூட்டி வரும் எண்ணை அந்தப் பதிவின் ‘ஈடுபாடு’ என்று வைத்துக்கொண்டோம். பார்வைகளின் எண்ணிக்கையைச் சேர்க்கவில்லை. அதற்கான காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

பதினொரு காணொளிகளுக்குக் கிடைத்த ஈடுபாடு சிறியதிலிருந்து பெரியதாக இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: 18, 22, 25, 30, 34, 41, 45, 52, 60, 85, 9,800. கடைசியில் இருப்பதுதான் அந்த மலைச்சரிவுக் காணொளி. பதினொரு எழுத்துப் பதிவுகளுக்கு: 20, 28, 35, 44, 50, 58, 63, 70, 77, 90, 125.

காணொளிகளின் சராசரி 928. எழுத்தின் சராசரி 60. தம்பி சொன்ன ‘பதினைந்து மடங்கு’ இங்கிருந்துதான் வருகிறது. ஆனால், பட்டியலைக் கண்ணால் பார்த்தாலே தெரியும், பதினொரு காணொளிகளில் எதற்குமே 928ஐ ஒட்டிய ஈடுபாடு கிடைக்கவில்லை. பத்துக் காணொளிகள் நூறைக்கூடத் தொடவில்லை. மொத்த ஈடுபாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு ஒரே ஒரு காணொளியிலிருந்து வந்திருக்கிறது. அதை மற்றப் பத்துக்கும் பங்கு பிரித்துக் கொடுத்ததைத் தவிர சராசரி வேறு எதையும் செய்யவில்லை. பத்துப் பேர் இருக்கும் லயத்துக்குள் ஒரு கோடீஸ்வரர் வந்து உட்கார்ந்தால், லயத்தில் இருக்கும் எல்லோரும் சராசரியாக இலட்சாதிபதிகள் என்று கணக்குச் சொல்லும். சாயங்காலம் கடையில் கடன் சொல்பவர்களின் எண்ணிக்கை குறையாது.

சாதாரண தரக் கணிதத்தில் இடையம் என்று படித்திருப்போம். எண்களை வரிசைப்படுத்திவிட்டு நடுவில் நிற்பதை எடுப்பது. பதினொன்றில் ஆறாவது எண் நடு. காணொளிகளின் இடையம் 41, எழுத்துப் பதிவுகளின் இடையம் 58. வரிசை தலைகீழாக மாறிவிட்டது. அந்த 9,800ஐ 98,000 ஆக மாற்றினாலும் காணொளிகளின் இடையம் 41 ஆகவே இருக்கும். ஏனென்றால், கடைசியில் நிற்பவர் எவ்வளவு உயரம் என்று இடையம் கேட்பதில்லை. அவர் கடைசியில் நிற்கிறார் என்பதை மட்டும் கவனிக்கிறது.

இடையத்தோடு இன்னொன்றையும் பார்த்தோம். வரிசையின் கீழிருந்து மூன்றாவது எண்ணையும் மேலிருந்து மூன்றாவது எண்ணையும் குறித்தால், சாதாரணமான ஒரு பதிவு எந்த எல்லைக்குள் விழுகிறது என்பது தெரியும். காணொளிக்கு 25 முதல் 60 வரை. எழுத்துக்கு 35 முதல் 77 வரை. இரண்டு எல்லைகளும் பெருமளவு ஒன்றன் மேல் ஒன்று படிந்திருக்கின்றன. ஆகவே, ‘எழுத்துதான் வென்றது’ என்று முழங்கவும் இதில் இடமில்லை. ‘காணொளி பதினைந்து மடங்கு’ என்பது மட்டும் நிச்சயமாக இல்லை.

பதிவுகளைக் கூகுள் தாளில் ஏற்றி, B நிரலில் பதிவின் வகையையும் C நிரலில் ஈடுபாட்டையும் வைத்தால், இந்தக் கணக்குக்கு ஒரு வரி போதும்:

```
=MEDIAN(FILTER(C2:C900, B2:B900="காணொளி"))
```

இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. மெட்டா நிறுவனம் 2024 ஓகஸ்ட் 14ஆம் திகதி மூடிவிட்ட ‘கிரவுட்டாங்கிள்’ என்ற கருவியை நமது ஊடகவியலாளர்கள் சிலர் பயன்படுத்தியிருப்பார்கள். ஒரு பதிவு வழமையை விட நன்றாகப் போகிறதா என்று சொல்வதற்கு, அந்தக் கருவி அதே பக்கத்தில் அதே வகையில் வந்த கடைசி நூறு பதிவுகளை எடுக்கும். மேலே உள்ள இருபத்தைந்தையும் கீழே உள்ள இருபத்தைந்தையும் தள்ளிவிட்டு, நடுவில் இருக்கும் ஐம்பதின் சராசரியோடுதான் ஒப்பிடும். அதாவது, முகநூல் தரவுகளோடு நாள்தோறும் மல்லுக்கட்டியவர்களே வெறும் சராசரியை நம்பவில்லை. கருவி போய்விட்டது. அது செய்த வேலையை ஒரு தாளில் நாமே செய்துகொள்ளலாம்.

பல வருடங்களை ஒரே தராசில் போட்டால்

இடையத்தைக் கண்டுபிடித்தவுடன் வேலை முடிந்துவிட்டது என்று நாங்கள் நினைத்திருந்தால் இரண்டாவது குழியில் விழுந்திருப்போம். ஏனென்றால், முழுப் பக்கத்தின் பதிவுகளையும் ஒன்றாகக் கொட்டி இடையம் எடுத்தபோது, மீண்டும் காணொளிதான் முன்னுக்கு வந்தது. இம்முறை அந்த வைரல் காணொளியைக் குறை சொல்ல முடியாது.

காரணம் காலம். 2018இல் பக்கத்தைத் தொடர்ந்தவர்கள் சில நூறு பேர். அப்போது டேட்டா வாங்குவதும் கடினம், தோட்டத்துக்குள் சிக்னலும் இல்லை. அதனால் பெரும்பாலும் எழுத்துதான் போட்டார்கள். 2025இல் தொடர்பவர்கள் பல ஆயிரம் பேர். இப்போது போடுவதில் பெரும்பகுதி காணொளி. சிறிய பக்கமாக இருந்த காலத்தில் வந்தது எழுத்து, பெரிய பக்கமான பிறகு வந்தது காணொளி. இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் தராசு காட்டுவது பக்கத்தின் வளர்ச்சியை, பதிவின் வகையை அல்ல.

இதையும் மாதிரி எண்களில் பாருங்கள். 2018இல் 90 எழுத்துப் பதிவுகள், இடையம் 12. அதே வருடம் 10 காணொளிகள், இடையம் 10. 2025இல் 20 எழுத்துப் பதிவுகள், இடையம் 90. 80 காணொளிகள், இடையம் 70. இரண்டு வருடங்களிலும் தனித்தனியே பார்த்தால் எழுத்துதான் சற்று மேலே. இரண்டையும் கலந்தால் எழுத்தின் இடையம் 2018இன் சிறிய எண்களுக்குள் விழுந்துவிடும், காணொளியின் இடையம் 2025இன் பெரிய எண்களுக்குள் நின்றுவிடும். ஒவ்வொரு வருடத்திலும் பின்னால் நின்றது, மொத்தத்தில் பல மடங்கு முன்னால் நிற்பதுபோலத் தெரியும்.

இதற்கு நாங்கள் செய்த பரிகாரம் இதுதான். வருடங்களை மூன்று மூன்று மாதங்களாகப் பிரித்தோம். ஒவ்வொரு மூன்று மாதத்துக்கும் எல்லா வகைப் பதிவுகளையும் சேர்த்து ஒரு இடையம் எடுத்தோம். பிறகு, ஒவ்வொரு பதிவின் ஈடுபாட்டையும் அது வெளியான மூன்று மாதத்தின் இடையத்தால் வகுத்தோம். 2018இல் ஒரு எழுத்துப் பதிவுக்கு 24 கிடைத்து, அந்தக் காலப்பகுதியின் இடையம் 12 என்றால், விடை 2. அதாவது தன் காலத்து வழமையைப்போல இரு மடங்கு. 2025இல் ஒரு காணொளிக்கு 60 கிடைத்து, அந்தக் காலப்பகுதியின் இடையம் 75 என்றால் விடை 0.8. எண்ணில் பெரியது, காலத்தோடு பார்த்தால் சிறியது. D நிரலில் ‘2018-4’ என்பதுபோல வருடத்தையும் காலாண்டையும் எழுதி வைத்தால், வகுத்தலையும் தாளே செய்துவிடும்:

```
=C2/MEDIAN(FILTER(C$2:C$900, D$2:D$900=D2))
```

இப்படி வந்த விடைகளுக்கு வகை வாரியாக மீண்டும் இடையம் எடுத்தால், அதுதான் நியாயமான ஒப்பீடு. ஆனால், இரண்டு விடயங்களில் கவனமாக இருக்க வேண்டியிருந்தது. ஒரு காலாண்டில் மூன்று வகையிலும் ஆகக் குறைந்தது ஐந்து பதிவுகளாவது இல்லையென்றால் அந்தக் காலாண்டை ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. எல்லாமே காணொளியாக இருக்கும் காலத்தில் காணொளியை எதோடு ஒப்பிடுவது? அதேபோல, கடைசி ஒரு மாதத்தில் போட்ட பதிவுகளையும் காசு கட்டி விளம்பரப்படுத்திய பதிவுகளையும் விட்டுவிட்டோம். முந்தையவற்றுக்கு இன்னும் ஈடுபாடு வந்துகொண்டிருக்கும், பிந்தையவற்றுக்கு வந்த ஈடுபாடு வாங்கப்பட்டது.

காலத்தைப் பிரித்ததில் இன்னொரு நன்மை கிடைத்தது. 2018 ஒக்டோபர் 24ஆம் திகதி, ஆயிரம் ரூபா நாட்சம்பளம் கேட்டு மலையக இளைஞர்கள் கறுப்பு உடையில் காலிமுகத்திடலில் கூடினார்கள். அந்த அழைப்பு பெரும்பாலும் சமூக வலைத்தளங்களின் வழியேதான் பரவியது. அந்த வாரங்களில் இந்தப் பக்கத்தில் எது போட்டாலும் பகிர்ந்தார்கள். ஒரு வரி எழுதினால்கூட. காலாண்டின் இடையத்தால் வகுக்கும்போது அந்த அலையின் உயரம் ஓரளவு கழிந்துவிடுகிறது. டித்வா வாரத்தில் மூன்று மாதம்கூட மிக நீளம் என்று கண்டோம். அந்த ஒரு வாரத்தை மட்டும் தனிக் காலப்பகுதியாக வைத்தோம்.

விலகி நின்றதைத் தூக்கி எறியவில்லை

“அப்ப அந்த வீடியோவ லிஸ்ட்ல இருந்து அழிச்சிரலாமா?” என்று இன்னொரு தம்பி கேட்டார். இடையம் எடுத்தால் அழிக்கத் தேவையில்லை. அழிக்கவும் கூடாது. அது பிழையான தரவு அல்ல, உண்மையில் நடந்தது. அதைச் சராசரிக்குள் கரைப்பதும் தவறு, இல்லாததுபோல மறைப்பதும் தவறு. அதைத் தனியே எடுத்து வைத்து, ஏன் அப்படி ஆனது என்று வாசிக்க வேண்டும்.

ஆகவே, தன் காலத்து இடையத்தைப்போல பத்து மடங்குக்கு மேல் போன பதிவுகள் எல்லாவற்றையும் தேடினோம். முழுப் பக்கத்திலும் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவை காணொளி என்பது உண்மை. ஆனால், அவற்றின் திகதிகளைப் பார்த்ததும் அறைக்குள் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. ஒன்றைத் தவிர எல்லாமே டித்வா நாட்களில் வந்தவை. மிஞ்சிய ஒன்று காலிமுகத்திடல் போராட்ட நாளைச் சேர்ந்தது. கோயில் திருவிழாக் காணொளிகள், கூட்டங்களின் காணொளிகள், தலைவர்களின் பேட்டிகள் எவையும் அந்தப் பட்டியலில் இல்லை. கூடிப் பறந்தது நிகழ்வு. காணொளி அதற்கு ஏறக் கிடைத்த வண்டி. நிகழ்வு இல்லாத நாளில் அந்த வண்டி வெறுமனே நின்றது.

இதைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. அதே டித்வா வாரத்தில் போட்ட எழுத்துப் பதிவுகளைத் தனியே பார்த்தோம். தங்குமிடங்களின் பட்டியலும் அடைபட்ட வீதிகளின் பட்டியலும் சாதாரண வாரத்து எழுத்தை விடப் பல மடங்கு போயிருந்தன. வகையை மாற்றாமல் நிகழ்வை மாற்றியபோது எண் ஏறியது. நிகழ்வை மாற்றாமல் வகையை மட்டும் மாற்றியபோது, அதாவது சாதாரண வாரத்தில் ஒரே சம்பளச் செய்தியை எழுத்தாகவும் காணொளியாகவும் போட்ட இடங்களில், எண் பெரிதாக ஏறவில்லை.

இங்கே இடையத்தின் எல்லையையும் சொல்ல வேண்டும். நிவாரணப் பொருள் சேர்ப்பதற்காகவோ, வெளியுலகுக்கு ஒரு அநீதியைக் காட்டுவதற்காகவோ ஒரு பக்கம் இயங்கினால், அதற்கு வழமையான நாள் முக்கியமில்லை; அந்த ஒரு நாள்தான் முக்கியம். அப்படியானவர்களிடம் இடையத்தைக் காட்டி ‘காணொளி வேண்டாம்’ என்று சொல்வது முட்டாள்தனம். ஆகவே, கேள்வியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். வழமையான ஒரு நாளில் எது வாசகரைச் சேர்கிறது என்பது ஒரு கேள்வி. அதற்கு இடையம் பதில் சொல்லும். எது எப்போதாவது எல்லை தாண்டிப் போகிறது என்பது இன்னொரு கேள்வி. அதற்கு எண்ணிக்கை போதாது, ஒவ்வொன்றையும் எடுத்து வாசிக்க வேண்டும். நாலைந்து பதிவுகளை வைத்து விதி எழுத முடியாது.

புகைப்படங்களும் எழுத்தும் கிட்டத்தட்டச் சமமாக வந்தன, புகைப்படம் மட்டும் ஒரு நூல் மேலே. அந்த நூலை நம்பலாமா? ஒற்றைத் திகதியில் போட்டவற்றை ஒரு பக்கமும் இரட்டைத் திகதியில் போட்டவற்றை மறுபக்கமும் பிரித்து இரண்டையும் தனித்தனியே எண்ணினோம். ஒரு பாதியில் புகைப்படம் முன்னுக்கு வந்தது, மறுபாதியில் எழுத்து. வித்தியாசம் உண்மையாக இருந்தால் இரண்டு பாதியிலும் ஒரே வரிசை வந்திருக்க வேண்டும். ஆகவே, ‘வித்தியாசம் இல்லை’ என்று எழுதி வைத்தோம். சாதாரண நாட்களில் காணொளி இரண்டுக்கும் சற்றுக் கீழே என்பது மட்டும் இரண்டு பாதியிலும் மாறாமல் வந்தது.

பார்வைகளை ஏன் எண்ணவில்லை

பார்வைகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் பலர் காணொளியின் பெருமையைப் பேசுகிறார்கள். ஆனால், திரையைத் தள்ளிக்கொண்டு போகும்போது தானாக ஓடத் தொடங்கும் காணொளியும், ஒருவர் நின்று வாசித்த பத்தியும் ஒரே அளவுகோலில் வரமாட்டா. பக்கத்தின் முழு வரலாற்றிலும் மூன்று வகைகளுக்கும் ஒரே பொருளில் எண்ணப்பட்டவை விருப்பக்குறி, பின்னூட்டம், பகிர்வு ஆகிய மூன்றும்தான்.

இதில் முகநூல் நிறுவனமே ஒருமுறை சறுக்கியது. மக்கள் ஒரு காணொளியைச் சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்ற எண்ணை அது விளம்பரதாரர்களுக்கும் ஊடகங்களுக்கும் காட்டி வந்தது. அந்தச் சராசரியை எடுக்கும்போது, மூன்று விநாடிக்கு மேல் பார்த்தவர்களை மட்டுமே எண்ணிக்கையில் சேர்த்திருந்தது. மூன்று விநாடிக்குள் தள்ளிவிட்டுப் போனவர்கள் கணக்கில் இல்லை. வகுக்கும் எண் சிறியதானால் விடை பெரிதாகும்தானே. 2016 செப்டெம்பரில் இது வெளியே வந்தபோது, பார்க்கும் நேரம் நூற்றுக்கு 60 முதல் 80 வரை கூட்டிக் காட்டப்பட்டிருக்கலாம் என்று சொல்லப்பட்டது. விளம்பரதாரர்கள் வழக்குப் போட்டார்கள். 2019இல் நான்கு கோடி டொலருக்கு இணக்கம் காணப்பட்டது. அதே காலத்தில்தான் அமெரிக்காவில் பல செய்தி நிறுவனங்கள் எழுதுபவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் காணொளிக்குத் திரும்பின. அந்த ஒரு எண் மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால், ‘எதிர்காலம் காணொளிதான்’ என்ற பேச்சுக்கு அதுவும் ஒரு தூண். பெரிய நிறுவனங்களே தடுமாறிய இடத்தில் புசல்லாவைத் தம்பிமார் தடுமாறியதில் ஆச்சரியமில்லை.

எண்ணிக்கைக்குள் வராதவர்கள்

இதுவரை சொன்னது இருக்கும் பதிவுகளைப் பற்றி. பதிவுப் பெட்டகத்தில் இல்லாதவற்றைப் பற்றியும் சொல்லாவிட்டால் கணக்கு முழுமையாகாது. வடக்கு கிழக்கில் பக்கம் நடத்துபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். விடுதலைப் புலிகள் அமைப்பு மெட்டாவின் தடைப்பட்டியலில் இருப்பதால், நினைவு நாட்களில் போடும் படங்கள் நீக்கப்படுவதும் பக்கங்கள் முடக்கப்படுவதும் நடந்திருக்கிறது. நீக்கப்பட்ட படம் பின்னர் ஏற்றுமதி செய்யும் தரவில் வராது. ஒரு பக்கத்தில் மிகக் கூடுதலாகப் பகிரப்பட்ட படங்களே நீக்கப்பட்டிருந்தால், மிஞ்சிய படங்களை வைத்து எடுக்கும் இடையம் படங்களைக் குறைத்துக் காட்டும். ஆகவே, நீக்கப்பட்ட பதிவுகளுக்கும் ஒரு தனிப் பட்டியலைக் கையால் எழுதி வைத்திருப்பது அவசியம். எண்கள் கிடைக்காவிட்டாலும் எத்தனை போயின, எந்த வகையில் போயின என்றாவது தெரியும்.

அதோடு, மே 18ஐ ஒட்டிய பதிவுகளுக்கும் காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரியிலிருந்து நடத்திவரும் போராட்டத்தைப் பற்றிய பதிவுகளுக்கும் விருப்பக்குறி போடத் தயங்குபவர்கள் இருக்கிறார்கள். பெயரும் முகமும் தெரியும் இடத்தில் விரலை வைப்பது அவர்களுக்குச் சாதாரண விடயம் அல்ல. அவர்கள் வாசிக்கிறார்கள், எண்ணில் தெரிவதில்லை. 1977 வன்செயலுக்குப் பின்னர் மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறிப் பின்னர் போரையும் சுமந்த குடும்பங்களில் இந்த இரண்டு நிலத்தின் அச்சமும் சேர்ந்தே இருக்கிறது. அவர்களின் உறவினர்கள் இந்தப் பக்கத்தையும் பார்க்கிறார்கள். ஈடுபாடு குறைந்த பதிவு யாருக்கும் தேவைப்படாத பதிவு என்று முடிவு செய்யும் உரிமையை எந்த இடையமும் எங்களுக்குத் தரவில்லை.

புசல்லாவையிலும் அதையே கண்டோம். ஊழியர் சேமலாப நிதியைப் பெற என்னென்ன ஆவணங்கள் வேண்டும் என்று எழுதிய ஒரு பதிவுக்கு மிகக் குறைந்த விருப்பக்குறிகளே கிடைத்திருந்தன. அதைப் பார்த்துத்தான் தம்பிமார் எழுத்தை நிறுத்தலாம் என்று முதலில் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். பேச்சோடு பேச்சாக அவர்களில் ஒருவர் சொன்னார், அந்தப் பதிவைத் தன் அம்மா திரையோடு படம் பிடித்து வாட்ஸ்அப்பில் தனது கொழுந்து மலைப் பெண்களுக்கு அனுப்பினார் என்று. அந்தப் பயணத்தை முகநூல் எண்ணவில்லை. எண்ணவும் முடியாது.

அன்று மாலை அவர்கள் எடுத்த முடிவு எளிமையானது. எழுத்தை நிறுத்துவதில்லை. ஏதாவது நடக்கும்போது, பார்த்தால்தான் நம்புவார்கள் என்ற விடயத்துக்குக் காணொளி. திரும்பத் தேடிப் பார்க்க வேண்டிய விடயத்துக்கு எழுத்து. கூட்டம், பேட்டி என்று வாரந்தோறும் ஒரு இரவு முழுவதும் விழித்திருந்து வெட்டி ஒட்டிய காணொளிகளைக் குறைப்பது, அந்த இரவை உறங்கவோ எழுதவோ பயன்படுத்துவது. ஒவ்வொரு பதிவுக்கும் திகதி, வகை, விடயம், ஈடுபாடு என நான்கு நிரல்கள் கொண்ட தாள் ஒன்றைத் தொடங்கியிருக்கிறார்கள். நீக்கப்பட்டவற்றுக்கு இன்னொரு தாள். ஆறு மாதம் கழித்துத் திரும்பவும் உட்கார்ந்து எண்ணுவதாகப் பேசிக்கொண்டு, நுவரெலியா வீதியில் கடைசி பஸ்ஸைப் பிடிக்க இறங்கினோம்.